“பூனைதானே?”

ஞாயிற்றுக்கிழமை நடந்த சந்திப்பிலிருந்து நான் ஏன் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன் என்று அங்கே இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக இதுவரை ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை. எனவே இங்கேயே எழுதிவிடுகிறேன். “பூனைதானே, வேறொன்றை எடுத்து வளர்த்தால் போயிற்று” என்று அங்கே ஒருவர் சொன்னதற்காக நான் எழுந்து வரவில்லை. அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். என்னுடைய அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் வந்துவிட்டேன்.

என் பூனை சின்னு போய் இன்றோடு 22 நாள்கள். அவள் இல்லாதது ஒரு பாரம். அந்தப் பாரம் எனக்கு இல்லாததுபோல் மற்றவர்கள் முன்னால் நடந்துகொள்வது இன்னொரு பாரம். முதலாவதை எப்படியாவது நான் சுமந்துவிடுவேன். இரண்டாவதை என் தலையில் ஏற்றிவைப்பவர்கள் நீங்கள்.

அவளுக்குச் சிறுநீரக நோய். பூனைகளுக்கு இந்த நோய் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் உயர்வாகத் தெரியவரும்போது, பெரும்பாலும் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை நின்றுபோயிருக்கும். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல், மருத்துவர் கற்றுக்கொடுத்தபடி, இரவு ஒன்பது மணிக்குச் சலைன் பையை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்திருந்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, அவளுடைய தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்துவேன். 100 மில்லி இறங்கும்வரை மடியில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருப்பாள். தோலுக்கடியில் நீர் ஒரு சிறு பைபோலப் புடைத்து, மெல்லச் சரிந்து முன்னங்காலுக்கு வந்து, விடிவதற்குள் உடம்பில் சேர்ந்துவிடும்.

கடைசி வாரம் அவள் உணவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள். மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, முடிவு உங்களுடையது என்றார். முதல் ஊசி மயக்கத்துக்கு, இரண்டாவது ஊசி இதயம் நிற்பதற்கு. இறந்த பின்னும் கண்கள் மூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தும், நான் இரண்டு முறை அவள் இமையை மூடப் பார்த்தேன்.

அதற்குச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்திட்டது நான். உறவினர் ஒருவர் நோயில் இறந்தால் அந்த நாளை நாம் குறித்துக் கொடுப்பதில்லை. சின்னுவுக்கு நான் குறித்துக் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேனா, அல்லது ஒரு வாரம் தாமதித்து அவளை வதைத்தேனா என்று ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கேள்விகளும் ஒரே நேரத்தில் அரிக்கின்றன. யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால்தான் இந்தக் குற்றவுணர்வு கொஞ்சமாவது தணியும். ஆனால் ‘பூனைதானே’ என்ற பிறகு எதைச் சொல்வது? துக்கமே தேவையில்லை என்பவரிடம், நான் அவளைக் கொன்றுவிட்டேனா என்று எப்படிக் கேட்பது?

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் இப்படிச் சமூகம் ஒப்புக்கொள்ளாத, வெளிப்படையாக அழ இடமில்லாத இழப்பைப் பற்றி 1989-இலேயே எழுதி, அதற்கு உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்ற பொருளில் ஒரு பெயரும் தந்திருக்கிறார். ஆக, நான் புதிதாக எதையும் கண்டுபிடித்து நாடகம் ஆடவில்லை.

மனிதர்கள் சாகும் உலகில் பூனைக்கு அழுவதா என்பீர்கள். என் அப்பா இறந்தபோது யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. விடுப்பு கிடைத்தது, வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், அழாதபோதும் அழுததாக எடுத்துக்கொண்டார்கள். சொன்னால் என்னை என்னவென்று நினைப்பீர்களோ தெரியாது, அப்பாவுக்கு நான் இவ்வளவு அழவில்லை. அவர் ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்த மனிதர். இவள் பதினான்கு ஆண்டுகள் என் ஒவ்வொரு நாளுக்குள்ளும் இருந்தவள். அவள் வெளியே ஓடிவிடக்கூடாது என்று கதவைச் சிறிதளவே திறந்து முதலில் காலை நுழைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. நேற்றும் அப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தேன், உள்ளே தடுப்பதற்கு யாருமில்லாமல்.

‘பூனைதானே’ என்றவர் ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், நல்ல மனிதர்தான். அப்படியானால் அவர் வீட்டில் ஒரு துக்கம் நேரும்போது நானும் இதே ஆறுதலைச் சொல்கிறேன், சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளட்டும். இல்லை, சொல்லமாட்டேன். எனக்கு அது வராது.

இன்னொரு பூனையை வளர்ப்பேனா என்றால், வளர்க்கலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாதி தீர்ந்த சலைன் பை இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. வீட்டுக்கு வருபவர்கள் இது என்ன என்று கேட்பார்களே என்று நேற்று அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். யாருக்காக மறைக்கிறேன் என்று பத்து நிமிடத்தில் கோபம் வந்தது. எடுத்துத் திரும்பவும் அங்கேயே மாட்டிவிட்டேன்.