குரூப்பை விட்டுப் போகவும் முடியவில்லை

மும்பை செம்பூரில் எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் நானூறு பேர். நைட் ஷிப்ட் முடித்து வந்து கண்ணை மூடினால் போதும், காலை வணக்கப் பூப்படங்கள் டிங் டிங் என்று கொட்டுகின்றன. தூக்கமே போச்சு!

விலகலாம்தான். இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். எனக்கு அந்த அட்மின் மாமாதானே சங்கடம், இந்த ஊரில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர். அதோடு விலகியவர் பெயரை 60 நாள் வரை குரூப் விவரத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன மாசம் விலகிய ஒருவரைப் பற்றி, "அவருக்கு என்னப்பா கோபம்?" என்று கோயில் வாசலில் என்னிடம் விசாரிக்கிறார்கள்.

சரி என்று மியூட்டில் 'எப்போதும்' போட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் யாராவது @ போட்டு என் பெயரை இழுத்தாலோ, என் பழைய மெசேஜுக்குப் பதில் போட்டாலோ மறுபடியும் சத்தம். ஆர்க்கைவ் செய்தாலும் இதே கதைதான்.

அப்புறம் மாமாவுக்கே தனியாக எழுதினேன்: "நைட் ஷிப்ட் மாமா, குரூப்பை மியூட்டில் வைத்திருக்கிறேன், அவசரம்னா போன் பண்ணுங்க." "இதுக்கென்னப்பா, தூங்கு" என்றார். மாமா புரிந்துகொண்டார். பகலில் என் பெயரை இழுக்கிற மற்றவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?