வார்டில் படுத்தால்தான் லீவா?

பெற்றோரின் அறுவைச் சிகிச்சைக்குத் துணை போக லீவு தரும் கம்பெனிகள் இங்கே சில உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் பல இடங்களில் எச்.ஆர். கேட்பது வார்டில் சேர்த்த கடிதம். பினாங்கில் எங்கள் பக்கம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களிடம் பேசினால் இந்தக் கதை அடிக்கடி காதில் விழும். அந்த ஒரு நிபந்தனையே கண்புரைக்காரர்களை வெளியே தள்ளிவிடுகிறது.

கண்புரைக்கு வார்டில் படுப்பது பெரும்பாலும் இல்லை. காலையில் போய், கண்ணில் மருந்து விட்டுக் கண்பாப்பா விரியும்வரை உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குள் லென்ஸ் மாற்றி, அன்றே வீடு. அட்மிஷன் இல்லை, அதனால் லீவும் இல்லை.

சரி, உண்மையில் எத்தனை நாள் தேவை? முதலில் லென்ஸ் அளவு எடுக்க ஒரு நாள். அப்புறம் அறுவை நாள், மறுநாள் பரிசோதனை, ஒரு வாரம் கழித்து ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று. இன்னொரு கண்ணையும் செய்தால் பின்னால் வரும் நான்கும் திரும்ப வரும். மொத்தம் 9 நாள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பே 8 நாள்தான். எம்.சி. நம் சொந்த உடம்புக்கு மட்டும். அம்மாவின் கண்ணுக்கு அது செல்லாது. மீதி சம்பளமில்லா லீவு. 3,000 வெள்ளி சம்பளக்காரருக்கு 30 நாள் மாதத்தில் ஒரு நாளுக்கு 100 வெள்ளி போகும்.

இதே 9 நாளை அரை நாளாக எடுக்க விட்டால் கணக்கு மாறிவிடும். அறுவை நாள் இரண்டு மட்டும் முழு நாள், மற்ற ஏழும் அரை நாள் என்றால் ஐந்தரை நாளில் முடிந்துவிடும். அதனால் கம்பெனிகளிடம் நான் கேட்பது கூடுதல் நாள்கூட இல்லை. வார்டுக் கடிதத்தை விட்டுவிட்டு அப்பாயின்ட்மென்ட் கார்டைப் பாருங்கள், அரை நாளாகப் பிரிக்க விடுங்கள். ஏமாற்றுவார்கள் என்ற பயம் இருந்தால், கிளினிக்கில் தேதியும் நேரமும் போட்டுத் தரும் டைம் ஸ்லிப் போதுமே.

வீட்டில் நடப்பதுதான் யாரும் கணக்கில் எடுக்காதது. கிருமி எதிர்ப்புச் சொட்டு, ஸ்டீராய்டு சொட்டு என்று ஏறக்குறைய நான்கு வாரம் போகும். ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை, பிறகு குறைந்துகொண்டே வரும். ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் அடுத்தது. கை நடுங்கும் வயதில் என் அம்மா தானே விட்டுப் பார்த்தார். சொட்டு புருவத்தில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. "விட்டாச்சு" என்றுதான் சொன்னார்! வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் நாம் விடலாம், நடுவில் வருவதற்கு யாராவது வேண்டும்.

முதல் வாரத்தில் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் மேலும் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த நாளை எந்த லீவு ஃபாரத்திலும் முன்கூட்டி எழுத முடியாது.

இன்னொன்று, அறுவை தேதி நம் கையில் இல்லை. அன்று காலை சர்க்கரையோ இரத்த அழுத்தமோ எகிறியிருந்தால் தள்ளிப்போடுவார்கள். ஒப்புதல் வாங்கிய லீவை அந்தத் தேதியோடு நகர்த்த முடியாவிட்டால் பிரயோஜனமில்லை.

மூட்டு மாற்று சிகிச்சையில் தலைகீழ். மருத்துவமனையில் சில நாள் இருப்பார்கள், கடிதமும் கிடைக்கும், லீவும் கிடைக்கும். ஆனால் அங்கே தாதியும் பிசியோவும் இருக்கிறார்கள்! நாம் அவசியமாவது வீட்டுக்கு வந்த பிறகுதான், தையல் பிரிக்கும்வரை சுமார் இரண்டு வாரம். வாக்கர் பிடித்துக் கழிப்பறைக்குப் போவதற்கும், வலிக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே படுக்காமல் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். அப்படியே பழகினால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். லீவை டிஸ்சார்ஜ் நாளிலிருந்து கொடுங்கள் என்பேன்.

ஐந்து பேர் வேலை செய்யும் சின்னக் கடை முதலாளிக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை. அவர்களிடம் நேர மாற்றம் கேட்கலாம். அதே வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 60P, 60Q பிரிவுகளின்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றக் கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அது லீவு இல்லை, மறுக்கவும் மறுக்கலாம். ஆனால் அறுவைக்குத் தேதி பல மாதம் முன்பே கிடைத்துவிடுவதால், கார்டு கைக்கு வந்த வாரமே எழுதிக் கொடுத்தால் பதில் அறுவைக்கு முன்பே வந்துவிடும்.