ஃபண்டிங் ரேட் அலர்ட் வைக்கும் முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

கிரிப்டோவில் பெர்ப்பெச்சுவல் டிரேட் செய்யும் நண்பர்கள் பலர், ‘ஃபண்டிங் 0.1% தாண்டினால் மெசேஜ் வரட்டும்’ என்று ஒரே அலர்ட்டை எல்லாக் காயினுக்கும் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அது எவ்வளவு தவறு என்று காசு இழந்த பிறகுதான் புரிந்தது.

பெர்ப்பெச்சுவல், சுருக்கமாக பெர்ப், என்பது காயின் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்; அதற்கு முடிவுத் தேதி கிடையாது. அதன் விலை, காயினையே நேரடியாக வாங்கும் ஸ்பாட் விலையை விட்டு விலகிப் போகாமல் பிடித்து வைப்பது ஃபண்டிங்தான். ரேட் பாசிட்டிவ் என்றால், விலை ஏறும் என்று லாங் வைத்திருப்பவர், இறங்கும் என்று ஷார்ட் வைத்திருப்பவருக்குப் பணம் தர வேண்டும். நெகட்டிவ் என்றால் தலைகீழ். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் பிட்காயினுக்கு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நம் நேரப்படி காலை 5:30, மதியம் 1:30, இரவு 9:30க்குப் பிடிப்பார்கள். அமைதியான நாளில் ரேட் 0.01% அளவில் நிற்கும்.

ஆனால் எல்லாக் காயினுக்கும் 8 மணி நேரம் இல்லை. சிலவற்றுக்கு 4 மணி, சிலவற்றுக்கு 1 மணி. நான் லாங் எடுத்த சின்னக் காயினுக்கு ரேட் 0.03%தான். அலர்ட் வாயே திறக்கவில்லை. அது மணிக்கு ஒருமுறை பிடிக்கும் காயின் என்பதை நான் கவனிக்கவில்லை. 8 மணி நேரக் கணக்கில் அது 0.24%. என் மார்ஜின் 100 டாலர், 10 மடங்கு லெவரேஜ். ஃபண்டிங் மார்ஜினுக்கு இல்லை, மொத்த 1,000 டாலருக்கும் போடப்படும். ஒரு நாளைக்கு 7.20 டாலர். விலை நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு நாளில் மார்ஜினில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது.

இப்போது என் ஸ்கிரிப்ட் முதலில் செய்யும் வேலை இதுதான்:

```
rate8 = lastFundingRate * 8 / fundingIntervalHours
```

எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு வாங்குகிறது. சந்தை சூடாகும்போது எக்ஸ்சேஞ்ச் அதைக் குறைத்துவிடும் என்பதால், பழைய எண்ணை நம்ப முடியாது. பிறகு அந்தக் காயினின் கடந்த 30 நாள் ரேட்டோடு ஒப்பிடுகிறது. பிட்காயினுக்கு 0.1% பெரிய செய்தி; சில மீம் காயினுக்கு அது வாடிக்கை. பணம் பிடிக்கும் நேரம் வரை ரேட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அடுத்தடுத்து இரண்டு தடவை எல்லை தாண்டினால்தான் மெசேஜ்.

அலர்ட் வந்ததும் எதிர்ப்பக்கம் பாய்வதையும் நான் ஏற்கவில்லை. 2022 செப்டம்பர் 15, எத்தீரியம் மைனிங்கை விட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறிய மெர்ஜ். அதற்கு முன் எத்தீரியத்தின் காயினான ஈத்தரின் ஃபண்டிங் ஆழமான நெகட்டிவுக்குப் போனது. பிரிந்து வரப்போகும் புதுக் காயின் இலவசமாகக் கிடைக்கும் என்று பலர் ஸ்பாட்டில் ஈத்தர் வாங்கினார்கள். விலை இறங்கினால் அடிபடாமல் இருக்க பெர்ப்பில் ஷார்ட் போட்டார்கள். ‘ஷார்ட் நிரம்பிவிட்டது, விலை ஏறும்’ என்று லாங் எடுத்தவருக்கு, மெர்ஜ் முடிந்ததும் ஃபண்டிங் இயல்புக்குத் திரும்பியது, விலையோ இறங்கியது.

அதனால் என் மெசேஜில் வாங்கு, விற்றுவிடு என்ற வார்த்தையே கிடையாது. காயின் பெயர், 8 மணி நேரக் கணக்கு ரேட், 1,000 டாலருக்கு ஒரு நாளில் எவ்வளவு போகும் அல்லது வரும். அவ்வளவுதான்.