வெறும் கழுத்து

மன்னார்குடியில் போன வாரம் ஒரு திருமணம். என் அக்கா மஞ்சள் கயிற்றோடு போயிருந்தாள். பந்திக்கு முன்பே உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "என்னம்மா, கழுத்து வெறுமையாக இருக்கிறதே, வீட்டில் கஷ்டமா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டார். அதன் பிறகு யாரும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அக்காவின் ஐந்து பவுன் சங்கிலி, அதாவது நாற்பது கிராம், கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று எல்லாமே கைக்காசு. நெல் விற்றதும் நகையை மீட்பார்கள், சம்பாவுக்கு மறுபடியும் வைப்பார்கள். இந்த ஊர்களில் பாதி வயல் பெண்களின் கழுத்திலிருந்துதான் விளைகிறது! கேட்டவருக்கும் அது தெரியும்.

அதே மண்டபத்தில் பளபளவென்று ஆரம் போட்டு வந்தவருக்கு முன்வரிசை நாற்காலி. அது சிதம்பரம் கவரிங் என்று அவரே அக்காவிடம் சொன்னார். செம்பின் மேல் மெல்லிய தங்க முலாம், அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் போடாமல் வந்தால் தனக்கும் இதே கேள்வி வரும் என்ற பயம் அவருக்கு. கொக்கியருகே 916 முத்திரையைத் தேடிப் பார்க்காமல் எது தங்கம் என்று தூரத்தில் நின்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஆளை மட்டும் தூரத்திலிருந்தே எடைபோட்டுவிடுகிறார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வரமாட்டேன் என்கிறாள் அக்கா.