சுகர் இருப்பவர்கள் கர்ப்பம் உறுதியான பிறகு சுகரைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் போதுமா?

இந்தக் கேள்விக்கு வந்த ஒரு பதில்: "டெஸ்ட்ல கர்ப்பம்னு வந்ததும் சுகரைக் குறைச்சா போதும், அதுக்கு முன்னாடி கவலை வேண்டாம்."

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். கடைசி மாதவிடாய் ஜனவரி 1 என்றால், கரு உருவாவது சுமார் ஜனவரி 15. மாதவிடாய் தள்ளிப்போனது தெரிவது 29ஆம் தேதி வாக்கில். ஒரு வாரம் பார்த்துவிட்டு டெஸ்ட் எடுப்பதற்குள் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கும் கட்டம் வந்துவிடும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் பிப்ரவரி 12 வாக்கில் மூடிவிடும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பெரும்பாலும் அதற்கப்புறம்தான். இந்த நாட்களில் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் இதயம், தண்டுவடம் போன்றவற்றில் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடும். பிறகு குறைத்தாலும் அந்தக் கட்டம் திரும்பி வராது.

இதே கேள்விக்குப் பதில் சொன்ன ஒரு அக்கா, தனக்கு ஆறாம் மாதத்தில் சுகர் வந்தும் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னார். சந்தோஷம். ஆனால் அது கர்ப்பத்தில் வரும் சர்க்கரை. அதற்குள் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். "மாத்திரையை முன்கூட்டியே மாற்றணும்" என்று இன்னொருவர் சொன்னது பாதி சரி: சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரிபார்க்க, NICE NG3 என்று தேடுங்கள்; கர்ப்பகால சர்க்கரை நோய் பற்றிய பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் அது. தாழ்சர்க்கரை தொல்லை இல்லாமல் முடிந்தால், கர்ப்பத்துக்கு முன்பே எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் அளவு 6.5%க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். 10%க்கு மேல் இருந்தால் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். அந்த டெஸ்ட் காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால், தயாரிப்பும் அத்தனை மாதம் முன்பே தொடங்க வேண்டும்.