தங்கச்சிமடத்தை ஏன் டி பிரிவில் போட்டோம்

மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாளில்தான் எங்கள் பக்கம் செவன்ஸ் கால்பந்து களைகட்டும். ஜூன் 15 பிறந்துவிட்டால் பாதி ஆட்டக்காரர்கள் கடலில் இருப்பார்கள். இந்த வருடம் போட்டி நடத்திய குழுவில் எனக்குச் சீட்டு எழுதும் வேலை. குலுக்கல் அன்றைக்குத் தங்கச்சிமடம் அணியைப் பிரிவு மாற்றிப் போட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சு இன்னும் ஓயவில்லை. "ஆளைப் பாத்து மாத்திட்டானுங்க" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

மொத்தம் 12 அணிகள், பிரிவுக்கு மூன்று என்று நான்கு பிரிவுகள். பிரிவில் முதல் இரண்டு இடம் கால் இறுதிக்குப் போகும். போன வருடம் வரை எல்லாச் சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினோம். அதில் போன வருடம் இரண்டு கேடு நடந்தது. பலமான மூன்று அணிகள் ஒரே பிரிவில் மாட்டி, கோப்பை வாங்க வந்த ஒருவர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனார். இன்னொரு பிரிவில் ஒரே ஊரின் இரண்டு அணிகள். அவர்களுக்குள் கடைசி ஆட்டம், டிரா ஆனால் இருவருமே உள்ளே. அன்றைக்கு அந்தப் பந்து நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. மூன்றாவது ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

அதனால் இந்த வருடம் மூன்று பனையோலைப் பெட்டி வைத்தோம். முந்தைய வருடங்களின் ஆட்டத்தை வைத்து 12 அணிகளையும் வரிசைப்படுத்தி, முதல் நான்கு அணிகள் முதல் பெட்டி, அடுத்த நான்கு இரண்டாவது, மீதி மூன்றாவது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பிரிவுக்கு ஒரு அணிதான். கூடவே, ஒரே ஊரின் இரண்டு அணிகள் ஒரே பிரிவில் வரக்கூடாது. கீழக்கரைக்கும் பாம்பனுக்கும் மூன்று மூன்று அணி, பெரியபட்டினத்துக்கு இரண்டு, மற்ற ஊர்களுக்கு ஒவ்வொன்று.

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல, உலகக் கோப்பையில் பார்த்ததுதான். அங்கேயும் இதைச் சரிசெய்ய நாளானது. 2014 வரை முதல் பெட்டி மட்டும்தான் பலத்தைப் பார்த்தது. மற்ற மூன்றும் ஏறக்குறைய கண்டத்தைப் பார்த்துப் பிரித்தவை. 2010 இறுதியில் மோதிய ஸ்பெயினும் நெதர்லாந்தும் 2014-இல் ஒரே பிரிவில் வந்தது அப்படித்தான். ஸ்பெயின் முதல் பெட்டியில், நெதர்லாந்து ஐரோப்பியப் பெட்டியில். நெதர்லாந்து 5-1 என்று அடித்தது, ஸ்பெயின் முதல் சுற்றோடு கிளம்பியது. 2018-இலிருந்து நான்கு பெட்டிகளையும் தரவரிசைப்படி அடுக்கி, கண்டத்தைத் தனி நிபந்தனையாக வைத்தார்கள். அந்த வருடம் 32 அணிகளில் 14 ஐரோப்பா. பிரிவுகளோ 8. ஆகவே ஐரோப்பாவுக்கு மட்டும் பிரிவுக்கு இரண்டு வரை போகலாம் என்று விட்டார்கள், மற்ற கண்டங்களுக்கு ஒன்றே. பிரிவுகளை விட ஒரு ஊரின் அணிகள் அதிகமானால் நாமும் அப்படித்தான் இறங்கிவர வேண்டியிருக்கும். கீழக்கரையில் இன்னும் இரண்டு அணி கிளம்பினால் இந்த விதி நிற்காது.

சரி, அன்றைக்கு என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். முதல் பெட்டியில் கீழக்கரை ஏ பிரிவுக்குப் போனது, பாம்பன் பி, பெரியபட்டினம் சி, தொண்டி டி. இரண்டாவது பெட்டியில் தேவிபட்டினம் ஏ, மண்டபம் பி, கீழக்கரையின் இரண்டாம் அணி சி, பாம்பனின் இரண்டாம் அணி டி. ஒரு சிக்கலும் இல்லை.

மூன்றாவது பெட்டியில் நான்கு சீட்டு: கீழக்கரை மூன்றாம் அணி, பாம்பன் மூன்றாம் அணி, பெரியபட்டினம் இரண்டாம் அணி, தங்கச்சிமடம். எடுத்த சீட்டை ஏ-யிலிருந்து பார்த்துக்கொண்டே போய், இடம் கொடுக்கும் முதல் பிரிவில் போட வேண்டும். முதலில் கீழக்கரை வந்தது. ஏ-யில் அவர்கள் ஊர் இருக்கிறது, பி-யில் போட்டோம். அடுத்து பெரியபட்டினம், ஏ. அடுத்து தங்கச்சிமடம். அவர்களுக்கு எங்கேயும் தடை இல்லை, வரிசைப்படி சி. பலகையில் எழுதியும் விட்டேன். கடைசிச் சீட்டு பாம்பன், மிச்சமிருந்த இடம் டி. டி-யில் ஏற்கெனவே பாம்பன் உட்கார்ந்திருக்கிறது!

பந்தலே அமைதியாகிவிட்டது. நான் சி-யில் எழுதிய தங்கச்சிமடத்தை அழித்து டி-யில் போட்டு, பாம்பனை சி-க்குக் கொண்டுவந்தேன். உடனே பின்னாலிருந்து காக்கா ஒருவர் எழுந்து, "தம்பி, சீட்டு வந்த பெறகு எடத்தை மாத்துனா அதுக்குப் பேரு குலுக்கலா?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது சொல்கிறேன்: மாற்றியது தப்பில்லை, மாற்றிய நேரம்தான் தப்பு. தங்கச்சிமடம் சீட்டைப் பிரித்த அந்த நிமிடமே பெட்டியில் மிச்சம் யார் என்று நான் பார்த்திருக்க வேண்டும். பாம்பன் ஒன்றுதான். திறந்திருந்தவை சி, டி. டி பாம்பனுக்கு ஆகாது. ஆகவே சி-யை அவர்களுக்கு ஒதுக்கிவைத்து, தங்கச்சிமடத்தை நேராக டி-யில் போட்டிருக்க வேண்டும். உலகக் கோப்பைக் குலுக்கலில் தடை எதுவும் இல்லாத ஒரு அணியைக்கூட ஒரு பிரிவைத் தாண்டி அடுத்ததில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். மீதியிருக்கும் அணிகளுக்கு வழி அடைபடுகிறதா என்று ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் பார்க்கிறார்கள். நானும் அந்த இடத்திலேயே மைக்கில் சொல்லிவிட்டுத் தாண்டியிருந்தால் இதே டி, இதே சி, ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கடைசிச் சீட்டைப் பார்த்த பிறகு அழித்ததால் திருட்டு மாதிரி தெரிந்தது.

ஆனால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சரியாகச் செய்திருந்தாலும் இந்த முறை முழுச் சமம் கிடையாது. மூன்றாவது பெட்டியின் நான்கு சீட்டும் 24 வரிசையில் வரலாம். ஒரு ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் எழுதினேன் (வீட்டில் திட்டு விழுந்தது). தங்கச்சிமடம் 8 வரிசையில் ஏ-க்கும், 8-இல் சி-க்கும், 5-இல் டி-க்கும், 3-இல் மட்டும் பி-க்கும் போகிறது. விதிக்கு உட்பட்ட முழு ஏற்பாடுகள் மொத்தம் ஆறுதான். அவற்றில் தங்கச்சிமடம் பி-யில் வருவது ஒன்று, டி-யில் வருவதும் ஒன்று. அப்படியென்றால் இரண்டுக்கும் வாய்ப்பு சமமாக, 4-4 என்று இருந்திருக்க வேண்டும். சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து முதல் காலி இடத்தில் போடுவதால் 3-5 ஆகச் சாய்கிறது. உலகக் கோப்பைக் குலுக்கலிலும் இப்படிச் சாய்வு இருப்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் இரண்டு பெட்டியை வழக்கம்போல எடுத்துவிட்டு, மூன்றாவதற்கு அந்த ஆறு ஏற்பாட்டையும் ஆறு சீட்டில் எழுதிப் போட்டு ஒன்றே ஒன்றை எடுப்பது. சாய்வும் இருக்காது, கடைசியில் மாட்டிக்கொள்வதும் இருக்காது. குழுவில் சொன்னேன். "ஒரே சீட்டுல நாலு டீமும் முடிஞ்சிருமா? அப்புறம் சனம் எதுக்குப்பா பந்தல்ல ஒக்காந்திருக்கும்?" என்றார் தலைவர். அதுவும் உண்மைதான். ஒவ்வொரு சீட்டாகப் பிரிக்கும்போது விழுகிற விசிலுக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அதனால் அடுத்த வருடமும் ஒவ்வொன்றாகத்தான் எடுப்போம். நான் மட்டும் பலகையில் எழுதுவதற்கு முன்னால் பெட்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன்.