தம்பியைக் கொஞ்சம் வெளியே அனுப்பிப் பாருங்கள்

எங்கள் திருகோணமலையில் இருந்து போகும் ஆங்கில இமெயில்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. 'பிளீஸ் கொன்டாக்ட் மைசெல்ஃப்'. கந்தோர்க் கடிதத்திலும் உண்டு, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர் வெள்ளைக்காரருக்கு எழுதும் பதிலிலும் உண்டு. இதைப் பார்த்து, எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர் 'கொன்டாக்ட் மீ' என்று சரியாக எழுதிவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் படித்து, மரியாதையும் பார்க்கிறவர்தான் இதில் விழுகிறார்.

விழ வைத்தது பள்ளிக்கூடம் என்பது என் கருத்து. தமிழில் 'நானும் தம்பியும் போனோம்' என்று தன்னை முதலில் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஒழுங்கிலேயே 'மீ அண்ட் மை பிரதர் வென்ட்' என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு. 'மை பிரதர் அண்ட் ஐ' என்று எழுது, அதுதான் மரியாதை என்பார்கள். திருத்தம் சரி, சொன்ன காரணம் பிழை. தம்பியை முன்னால் போடுவது மட்டும்தான் மரியாதை. 'ஐ' வந்தது, போனவர்களில் நானும் ஒருவன் என்பதால். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாததால் பிள்ளையின் மனதில் 'மீ' கெட்ட வார்த்தை ஆகிவிடுகிறது. அப்புறம் எங்கே 'அண்ட்' வந்தாலும் கை தானாக 'ஐ' போடும்.

பக்கத்து வீட்டுப் பெடியன் உப்புவெளியில் தம்பியோடு சேர்ந்து சின்ன விடுதி ஒன்று நடத்துகிறான். சீசன் தொடங்கினால் இமெயில் எழுதிக்கொண்டு வந்து காட்டுவான். அண்மையில் காட்டியது இது:

"மை பிரதர் அண்ட் மீ ரன் திஸ் பிளேஸ். இஃப் யூ நீட் எ போட் டு பிஜன் ஐலண்ட், பிளீஸ் லெட் மை பிரதர் அண்ட் ஐ நோ. ஃபோர் பேமென்ட், கொன்டாக்ட் மைசெல்ஃப்."

மூன்று வரி, மூன்றிலும் பிழை. நான் இலக்கணப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. 'தம்பியைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு வாசி' என்றேன். முதல் வரியில் தம்பி போனால் மிஞ்சுவது 'மீ ரன் திஸ் பிளேஸ்'. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'ஐ ரன்' தான், ஆகவே 'மை பிரதர் அண்ட் ஐ ரன்'. இரண்டாவது வரியில் தம்பி போனால் 'லெட் ஐ நோ'. 'லெட் மீ நோ' என்பதை நாளுக்குப் பத்துத் தடவை எழுதுகிற பெடியன் அவன். தனியாக நிற்கும்போது பிழையாகாத சொல், பக்கத்தில் ஆள் வந்து நின்றதும் ஏன் மாற வேண்டும்? 'லெட் மை பிரதர் அண்ட் மீ நோ'. இந்தப் பிழை சோடியில்தான் ஒளிந்திருக்கும். சோடியைப் பிரித்தால் காது பிடித்துவிடும்.

"அக்கா, 'மீ' எண்டு முடிச்சா மரியாதை இல்லாத மாதிரிக் கிடக்கே" என்றான். அந்தச் சிவப்பு மைதான் பேசுகிறது.

காதில் நம்பிக்கை இல்லாதவர்கள் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். 'தம்பிக்கும் எனக்கும் அறிவியுங்கள்' என்கிறோம், 'தம்பியும் நானும் அறிவியுங்கள்' என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் இரண்டு பேருக்கும் தனித்தனியாக உருபு ஒட்டிவிடுவதால் சோடியில் நாம் தடுமாறுவதே இல்லை. 'நான்' வந்தால் 'ஐ', 'என்னை', 'எனக்கு', 'என்னோடு' வந்தால் 'மீ'. பெரும்பாலும் இது கைகொடுக்கும்.

பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 'எனக்கு' சில இடங்களில் காலை வாரிவிடும். 'தம்பிக்கும் எனக்கும் இந்தக் கடல் தெரியும்' என்பதை அப்படியே கொண்டுபோனால் 'மை பிரதர் அண்ட் மீ நோ' என்று நிற்கும். தெரியும், பிடிக்கும், வேண்டும், பசிக்கிறது என்றெல்லாம் சொல்லும்போது தமிழில் 'எனக்கு', ஆங்கிலத்தில் 'ஐ'. மறுவளமும் உண்டு. 'நானும் தம்பியும் ஸ்டேசனுக்கு வரவா?' என்று தமிழில் கேட்கிறோம். அதையே 'டூ யூ வோன்ட்...' என்று தொடங்கினால் 'வோன்ட் மை பிரதர் அண்ட் மீ டு கம்' என்றுதான் போக வேண்டும். இந்த இடங்களில் தமிழை விட்டுவிட்டு, தம்பியை அனுப்பும் வழிக்கே திரும்புங்கள். 'வோன்ட் ஐ டு கம்' என்று எவரும் சொல்வதில்லை.

சரி, மூன்றாவது வரி. அங்கே வெளியே அனுப்பத் தம்பியே இல்லை, 'மைசெல்ஃப்' தனியாக நிற்கிறது. இது பயத்தில் பிறந்த சொல் என்று நினைக்கிறேன். 'ஐ' போட்டால் பிழையோ, 'மீ' போட்டால் மரியாதைக் குறைவோ என்று இரண்டுக்கும் நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும் பெரிய சொல்.

'மைசெல்ஃப்' வர வேண்டுமென்றால் அதே வாக்கியத்தில் 'ஐ' முன்பே வந்திருக்க வேண்டும். மீன் வெட்டும்போது கை வெட்டுப்பட்டால் 'ஐ கட் மைசெல்ஃப்'. வெட்டியதும் நான், வெட்டுப்பட்டதும் நான். சமையலை நானே பார்க்கிறேன் என்றால் 'ஐ குக் த மீல்ஸ் மைசெல்ஃப்', அங்கே அது அழுத்தத்துக்காக வருகிறது. 'கொன்டாக்ட்' என்று ஏவும்போது செய்கிறவர் யார்? அந்த வெள்ளைக்காரர். எழுதாவிட்டாலும் வாக்கியத்துக்குள் ஒளிந்திருப்பது 'யூ'. அதனால்தான் விருந்தில் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்கிறார்கள், 'ஹெல்ப் மைசெல்ஃப்' என்பதில்லை. பணத்துக்கு 'கொன்டாக்ட் மீ' போதும். 'என்னையே கேளுங்கள்' என்று அழுத்திச் சொல்ல வேண்டுமா, 'கொன்டாக்ட் மீ டிரெக்ட்லி' என்று போடலாம். நம்முடைய அந்த ஏகாரத்துக்கு 'மைசெல்ஃப்' எல்லா இடத்திலும் ஈடாகாது. அறிமுகத்தில் 'மைசெல்ஃப் ராஜன்' என்பதும் இந்தக் கூட்டம்தான். 'ஐ ஆம் ராஜன்' என்றால் முடிந்தது.

'பீப்பிள் லைக் மைசெல்ஃப்' என்று நல்ல எழுத்தாளர்களே எழுதுவதைக் காணலாம். அதில் நான் சண்டைக்குப் போவதில்லை. நண்பர்களோடு பேசும்போது 'மீ அண்ட் ஹிம் வென்ட்' என்று ஆங்கிலேயர்களே சாதாரணமாகச் சொல்வதுண்டு, அதையும் விட்டுவிடலாம். காசு, பதிவு, விண்ணப்பம் என்று எழுத்தில் போவதைத்தான் சொல்கிறேன்.

கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வந்து, ஷேக்ஸ்பியரே 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதியிருக்கிறாரே என்பார் என்று தெரியும். எழுதியிருக்கிறார், வெனிஸ் வணிகன் நாடகத்தில் அன்டோனியோவின் கடிதத்தில் வருகிறது. ஆனால் இன்றைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் கடிதத்தை வாசிப்பவர் அந்தச் சலுகையைக் கொடுக்கமாட்டார். இந்தத் தொடரில் ஆளை வெளியே அனுப்பவும் முடியாது, 'பிட்வீன்' என்றால் இரண்டு பேர் வேண்டுமே. அப்போது இரண்டு பேரையும் சேர்த்து ஒரு சொல்லாக்கிப் பாருங்கள். 'பிட்வீன் வீ' வருமா, 'பிட்வீன் அஸ்' வருமா? 'அஸ்' என்றால் 'மீ'. ஆகவே 'பிட்வீன் யூ அண்ட் மீ'.